ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், நான்கு கேமராக்களுக்கான டிவிஆர் பெட்டி, இன்டர்நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர். எல்லாக் கேபிளும் சுவரோரம் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சில் வந்து சேருகின்றன. காலையில் பிரிண்டரை ஆன் செய்தால் முதல் சில பிரிண்ட்கள் ஒழுங்காக வரும். கொஞ்ச நேரம் வாடிக்கையாளர் வரவில்லை என்றால் அடுத்த பிரிண்ட் போகாது. கணினித் திரையில் "Offline" என்று நிற்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடும். அதே நாட்களில் கடைக்காரர் வீட்டிலிருந்து மொபைலில் கேமராவைத் திறந்தால், படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டும் ஒரே கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரிண்டருக்கு பிரிண்டர் சர்வீஸ் ஆள் வந்தார், கேமராவுக்கு கேமரா ஆள் வந்தார். "கேபிள் போயிருச்சுண்ணே" என்றார் ஒருவர். கேபிளை மாற்றினார்கள். சுவிட்சையும் மாற்றினார்கள். கணினியில் பிரிண்டர் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பிரிண்டரை அணைத்துப் போட்டதால் உடனே வேலை செய்தது. அதனால் வந்தவர் ஒவ்வொருவரும் தாம் செய்த காரியத்தால்தான் சரியானது என்று நம்பிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையான காரணம், பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் ஒரே ஐபி முகவரி இருந்தது. இரண்டிலும் 192.168.1.50.

வீட்டிலும் கடையிலும் உள்ள கருவிகள் ஒன்றை ஒன்று கண்டுபிடிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். கணினியில் பிரிண்டரைச் சேர்க்கும்போது அதன் ஐபி முகவரியைக் கொடுத்திருப்பார்கள். நாளை அந்த எண் மாறிவிட்டால் கணினி பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். டிவிஆரும் அப்படித்தான். அதைப் பார்க்கும் மென்பொருளிலும், வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்துவைத்த வழியிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். ஆகவே மற்றவர்கள் தேடி வரவேண்டிய கருவிகளுக்கு எண் மாறாமல் இருக்க வேண்டும் என்பது நியாயமான தேவை. சிக்கல் அந்தத் தேவையில் இல்லை, அதை நிறைவேற்றிய விதத்தில் இருக்கிறது. பிரிண்டரை மாட்டிய ஆள் பிரிண்டரின் மெனுவுக்குள் போய், தானாக எண் பெறும் வசதியை நிறுத்திவிட்டு, 50 என்று கையால் அடித்தார். பல மாதம் கழித்து வந்த கேமரா ஆள், டிவிஆரின் மெனுவுக்குள் போய் அதே காரியத்தைச் செய்தார். 50 என்பது நினைவில் நிற்கும் எண். இருவரும் அதையே தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கையால் அடிக்கக்கூட வேண்டியதில்லை. ஐபி கேமராக்கள் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு நிலையான எண்ணோடு வருகின்றன. ஒரு பிராண்டு 192.168.1.64 என்று வரும், இன்னொன்று 192.168.1.108 என்று வரும். ஒரே பிராண்டில் நான்கு கேமரா வாங்கி, பெட்டியைப் பிரித்து நான்கையும் ஒரே நேரத்தில் சுவிட்சில் செருகினால் நான்கும் ஒரே எண்ணில் நிற்கும். அனுபவமுள்ள கேமராக்காரர்கள் ஒவ்வொன்றாகச் செருகி, எண்ணை மாற்றிவிட்டு, அடுத்ததைச் செருகுவது இதனால்தான்.

நிலையான எண்ணைக் கருவியின் உள்ளே எழுதும்போது, அந்த எண் வேறு யாரிடமும் இல்லை என்று யாரும் உறுதி செய்வதில்லை. ரவுட்டருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் மேனேஜரின் நோட்டைப் பார்க்காமலே இரண்டு குடும்பங்கள் ஒரே முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்துவிடுவதைப் போன்றது இது. இரண்டு குடும்பமும் வந்து இறங்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இரண்டு கருவிகள் ஒரே எண்ணில் இருந்தால் இரண்டுமே நின்றுவிட வேண்டியதுதானே, ஏன் ஒன்று விட்டு ஒன்று வேலை செய்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

கேபிளில் ஓடும் தகவல், ஐபி முகவரியை மட்டும் வைத்துப் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் பகுதிக்கும் தயாரிக்கும்போதே பதித்த இன்னொரு அடையாளம் உண்டு. அதற்கு மேக் முகவரி என்று பெயர். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம், பெரும்பாலும் கருவியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கடைக் கணினி 192.168.1.50க்கு ஒரு பிரிண்ட் அனுப்ப வேண்டுமானால், முதலில் "192.168.1.50 யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை விடும். அந்த எண்ணுக்குரிய கருவி "நான்தான், என் மேக் முகவரி இது" என்று பதில் தரும். கணினி அதைத் தன் தற்காலிகப் பட்டியலில் குறித்துக்கொண்டு, பிறகு அந்த மேக் முகவரிக்கே அனுப்பும். இந்தக் கேள்வி பதில் முறைக்கு ஏஆர்பி என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பவர் 1982ல் எழுதிய வரையறை அது. இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த முறை முழுக்க நம்பிக்கையின் மேல் நிற்கிறது. "நான்தான்" என்று யார் சொன்னாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்க, இன்னொருவர் வந்து "நான்தான்" என்றால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். கேட்காமலே சொன்னாலும் இது நடக்கும். டிவிஆர் ரவுட்டரைத் தேடி "192.168.1.1 யார்? கேட்பது 192.168.1.50" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும்போது, 50ஐத் தன் பட்டியலில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் அதைக் கேட்டுவிட்டு, "ஓ, 50 இந்த மேக் முகவரியில் இருக்கிறதா" என்று திருத்திக்கொள்ளும். பிளம்மரின் வரையறையிலேயே உள்ள விதி அது.

அதாவது ஒரே எண்ணுக்கு இருவர் இருந்தால், கடைசியாகப் பேசியவருக்கே எண் சொந்தம். ஜெராக்ஸ் கடையில் நடந்ததை இப்போது வரிசையாகப் பார்க்கலாம். காலையில் பிரிண்டரை ஆன் செய்ததும் அது விழித்து, 50 தன்னுடையது என்று எல்லோருக்கும் அறிவிக்கிறது. கணினி அதைக் குறித்துக்கொள்கிறது, பிரிண்ட் வருகிறது. அதே அறிவிப்பை ரவுட்டரும் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. இப்போது டிவிஆருக்கென்று இன்டர்நெட்டிலிருந்து வரும் தகவலையெல்லாம் ரவுட்டர் பிரிண்டருக்கு அனுப்புகிறது. பிரிண்டர் அதை என்ன செய்யும்? தனக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடும். மொபைலில் வட்டம் சுற்றுவது இந்த நேரத்தில்தான்.

ஆனால் டிவிஆர் சும்மா இருக்கும் பெட்டி இல்லை. இன்டர்நெட்டில் உள்ள தன் சர்வரோடு இராப்பகலாகப் பேசிக்கொண்டே இருக்கும். பிரிண்டரோ வேலை இல்லாவிட்டால் தூங்கப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் டிவிஆரின் குரல் மேலோங்குகிறது. ரவுட்டரும் கணினியும் தங்கள் பட்டியலில் 50க்கு எதிரே டிவிஆரின் மேக் முகவரியை எழுதிக்கொள்கின்றன. மொபைலில் கேமரா தெரிய ஆரம்பிக்கிறது. அடுத்த பிரிண்ட் டிவிஆருக்குப் போகிறது. நெட்வொர்க் பிரிண்டர் பிரிண்ட் வேலையை வழக்கமாக 9100 என்ற போர்ட்டில் வாங்கிக்கொள்ளும். டிவிஆரில் அப்படி ஒரு வாசலே கிடையாது. இணைப்பு மறுக்கப்படுகிறது, கணினி "Offline" என்கிறது. பிரிண்டர் நல்லபடியாகத்தான் இருக்கிறது, அதற்கு இந்த விஷயம் தெரியவும் தெரியாது.

அணைத்துப் போட்டால் சரியாவதும் இதே காரணத்தால்தான். புதிதாக எழுந்த பிரிண்டர் மறுபடி தன்னை அறிவிக்கிறது, எண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது, டிவிஆர் விழுந்துவிடுகிறது. எல்லோரையும் ஏமாற்றியது இந்தத் தற்காலிகக் குணம்தான். கேபிளைக் கழற்றி மாட்டினாலும் இதே குணம் கிடைக்கும். ஆகவே கேபிளை மாற்றியவருக்குக் கேபிள்தான் காரணம் என்று தோன்றுவதில் தப்பில்லை.

சுவிட்சில் எரியும் விளக்கும் நம்மைக் காப்பாற்றாது. சுவிட்ச் மேக் முகவரியை மட்டுமே பார்க்கும். இரண்டு கருவிகளுக்கும் மேக் முகவரி வேறு வேறு என்பதால் அதற்கு எந்தக் குழப்பமும் இல்லை. விளக்குகள் வழக்கம்போல மினுக்கிக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்தும் கருவி கிடைக்கவில்லை, விட்டுவிட்டுக் கிடைக்கிறது என்றால் முகவரி மோதலைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று வரும்போது இன்னொன்று போகிறது என்று தெரிந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

உறுதி செய்வதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கணினியில் பிரவுசரைத் திறந்து மேலே 192.168.1.50 என்று அடியுங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்களுக்கும் டிவிஆர்களுக்கும் உள்ளே ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கும். டோனர் அளவும் பேப்பர் டிரேயும் தெரிந்தால் அது பிரிண்டர். கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணை அடிக்கும்போது டிவிஆரின் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் வந்தால் கதை முடிந்தது. அந்தக் கடையில் பிடிபட்டது இப்படித்தான். பிரிண்டர் பக்கத்தைத் திறக்கப் போனவருக்குக் கேமரா லாகின் வந்து நின்றது.

பக்கம் எதுவும் வராத கருவியாக இருந்தால் இன்னொரு சோதனை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதல் வரியை அடித்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது வரியை அடியுங்கள்.

```
ping 192.168.1.50
arp -a 192.168.1.50
```

இரண்டாவது கட்டளைக்கு இப்படி ஒரு வரி வரும்:

```
192.168.1.50     00-00-5e-00-53-1a     dynamic
```

நடுவில் இருப்பது மேக் முகவரி. அதைக் குறித்துவைத்துக்கொண்டு, கோளாறு வரும் நேரத்தில் அதே இரண்டு கட்டளைகளை மறுபடி அடியுங்கள். எண் மாறாமல் இருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்து 1a என்றிருந்தது இப்போது c4 என்று வந்தால், 50ல் இரண்டு பேர் இருக்கிறார்கள். கட்டளை வேண்டாம் என்பவர்கள் பிரிண்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து அந்த எண்ணுக்கு பிங் அடிக்கலாம். கேபிளே இல்லாத பிரிண்டர் பதில் சொல்லாது. பதில் வருகிறதென்றால் சொல்வது வேறு யாரோ. வைஃபையும் உள்ள பிரிண்டர் என்றால் அதை அடியோடு அணைத்துவிட்டுச் சோதிப்பது நல்லது.

மோதலைத் தானே கண்டுபிடிக்கும் வழி கணினி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஸ்டூவர்ட் செஷயர் எழுதி 2008ல் வெளியான ஒரு வரையறை அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் "இது யாரிடமாவது இருக்கிறதா" என்று சில முறை கேட்க வேண்டும். பதில் வந்தால் அந்த எண்ணைத் தொடக்கூடாது. விண்டோஸ் கணினி சில நேரம் ஐபி முகவரி மோதல் என்று எச்சரிப்பது இந்தச் சோதனையின் விளைவுதான். ஆனால் பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவு இயந்திரம் போன்ற பெட்டிகள் எல்லாம் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. செய்பவற்றிலும் ஆன் ஆகும் நேரத்தில் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுபவை உண்டு. எச்சரிக்கையைக் காட்டத் திரையே இல்லாதவை இன்னும் பல. கரண்ட் போய் வரும்போது நிலைமை மேலும் மோசம். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒன்று கேள்வி கேட்கும் நேரத்தில் சுவிட்ச் இன்னும் முழுதாக எழுந்திருக்காது, எதிராளியும் பாதித் தூக்கத்தில் இருக்கும். பதில் வராததால் எண் காலி என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. மின்வெட்டுக்குப் பிறகு "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று இல்லை" என்ற புகார் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் தீர்வு, டிவிஆருக்குள் போய் எண்ணை 51 என்று மாற்றிவிடுவது. அன்றைக்குச் சரியாகும். ஆனால் 51 காலியாக இருக்கிறது என்று யார் சொன்னது? அடுத்த வருடம் கைரேகை வருகைப்பதிவுப் பெட்டி மாட்ட வருபவருக்கு 50ம் 51ம் போய்விட்டன என்று யார் சொல்வார்கள்? எண்கள் கருவிகளுக்குள் சிதறிக் கிடக்கும்வரை, யாரிடம் எது இருக்கிறது என்பது ஓர் இடத்திலும் இருக்காது. என் கருத்தில், கடை, கிளினிக், சின்ன அலுவலகம் எதிலும் கருவிக்குள் போய் எண்ணைக் கையால் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மாறாத எண் வேண்டுமானால் அதை ரவுட்டரிடம் சொல்லி ஒதுக்கிவைக்க வேண்டும்.

ரவுட்டர் ஏற்கெனவே எண் கொடுக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நம் மொபைல் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு எண் வேண்டும்" என்று கேட்கிறது. ரவுட்டர் தன்னிடம் உள்ள எண்களில் காலியான ஒன்றைக் காட்டுகிறது, மொபைல் சரி என்கிறது, ரவுட்டர் உறுதி செய்கிறது. இந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். இப்போது புழக்கத்தில் உள்ள வரையறை 1997ல் வந்தது. எண் நிரந்தரமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான் கிடைக்கிறது. குத்தகைக் காலம் சில ரவுட்டர்களில் இரண்டு மணி நேரம், சிலவற்றில் ஒரு நாள். பாதிக் காலம் கழிந்ததும் கருவி தானே கேட்டு நீட்டித்துக்கொள்ளும். நீண்ட நேரம் அணைந்திருந்து திரும்பினால் வேறு எண் கிடைக்க வாய்ப்புண்டு. பிரிண்டருக்கு அது ஒத்துவராது என்பதால்தான் டெக்னீஷியன்கள் கையால் எண் அடிக்கப் பழகினார்கள்.

ஆனால் அதே 1997 வரையறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட கருவிக்குக் குறிப்பிட்ட எண் என்று நிர்வாகி முன்கூட்டியே எழுதிவைக்கலாம், டிஎச்சிபி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிறது அது. அதற்கும் முந்தைய, 1985ல் வந்த பூட்பி முறையிலும் இப்படித்தான், மேக் முகவரிக்கு எதிரே ஐபி எண்ணை எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து எண் கொடுத்தார்கள். எண் கேட்கும் ஒவ்வொரு கருவியும் தன் மேக் முகவரியைச் சொல்லித்தான் கேட்கிறது. ரவுட்டர் தன் பட்டியலைப் பார்த்து, 1a என்று முடியும் கருவி வந்தால் எப்போதும் 50ஐயே கொடுக்கும். வேறு யாருக்கும் 50ஐக் கொடுக்காது. கருவியைப் பொறுத்தவரை அது தானாக எண் பெறும் சாதாரணக் கருவிதான். நிலைத்தன்மை முழுவதும் ரவுட்டரின் பக்கம் வந்துவிடுகிறது. ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்கு எழுதப் போனால் ரவுட்டரின் பக்கம் பொதுவாக ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொண்டாலும் இரண்டும் ஒரே திரையில் கண் முன்னே நிற்கும்.

அந்த ஜெராக்ஸ் கடையில் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் முடிவு, 50 யாருக்கு என்பது. இரண்டு கணினிகளிலும் பிரிண்டர் 50 என்று பதிவாகியிருந்தது. அதை மாற்றினால் இரண்டிலும் திருத்த வேண்டும். ஆகவே பிரிண்டருக்கு 50, டிவிஆருக்கு 60 என்று வைத்துக்கொண்டோம். பிறகு இரண்டின் மேக் முகவரியையும் எடுத்தோம். பிரிண்டரில் அதன் அமைப்பு விவரத்தை அச்சிடும் வசதி மெனுவிலேயே இருந்தது. டிவிஆரில் நெட்வொர்க் பக்கத்தில் இருந்தது.

அடுத்து கணினியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போய், முதலில் இப்போது எண் வாங்கியிருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தோம். இதை விட்டுவிடக்கூடாது. அந்த நேரத்தில் யாருடைய மொபைலாவது 60ஐ வைத்திருந்தால், டிவிஆருக்கு அதை ஒதுக்கியதும் புது மோதலை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். 60 காலியாக இருந்தது. பிறகு ஒதுக்கீட்டுப் பக்கம். இதற்கு ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒவ்வொரு பெயர். "Address Reservation", "DHCP Reservation", "Static DHCP", "Static Lease" என்று எப்படியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் "LAN" அல்லது "DHCP" என்ற மெனுவுக்குள்தான் இருக்கும். அங்கே இரண்டு வரி சேர்த்தோம், மேக் முகவரி ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். சில ரவுட்டர்கள் ஒதுக்கும் எண், தாம் விநியோகிக்கும் வரம்புக்குள் இருந்தால்தான் ஏற்கும். 50ம் 60ம் வரம்புக்குள் இருந்ததால் அங்கே அந்தத் தொல்லை வரவில்லை.

இதே மெனுவின் பக்கத்தில் சில ரவுட்டர்களில் "IP & MAC Binding" என்று ஒன்று இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலர் அதில் எழுதிவிடுகிறார்கள். அது வேறு வேலை. இந்த எண் இந்த மேக் முகவரிக்குத்தான் என்று ரவுட்டர் தன் சொந்த ஏஆர்பி பட்டியலில் பூட்டிக்கொள்வது அது. கருவிக்கு எண் கொடுக்காது.

ரவுட்டரில் எழுதிச் சேமித்த பிறகுதான் கருவிகளைத் தொட்டோம். டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் எண் அடித்திருந்த பெட்டிகளுக்கு மேலே "DHCP" என்ற கட்டத்தை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தோம். எழுந்ததும் 60 என்று காட்டியது. அடுத்து பிரிண்டரில் எண் பெறும் முறையை "Auto" என்று மாற்றினோம். அது 50ஐ வாங்கியது. வரிசை முக்கியம். ரவுட்டரில் எழுதும் முன்பே கருவியைத் தானியங்கிக்கு மாற்றினால், அது ஏதோ ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு குத்தகை முடியும்வரை அதிலேயே உட்கார்ந்துவிடும். பிறகு மறுபடி ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். கடைசியாக, டிவிஆருக்காக ரவுட்டரில் திறந்துவைத்திருந்த வழியில் 50 என்றிருந்ததை 60 என்று திருத்தினோம். டிவிஆரைப் பார்க்கும் கணினி மென்பொருளிலும் அப்படியே.

மறுநாள் `arp -a` அடித்துப் பார்த்தபோது 50க்கு எதிரே 1a, 60க்கு எதிரே c4. டிவிஆர் எவ்வளவு பேசினாலும் இனி அது 60 என்ற பெயரில்தான் பேசும்.

ஒதுக்கீட்டால் தீராதவையும் உண்டு. ரவுட்டரின் பட்டியல், எண் கேட்டு வருபவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கேட்காமல் வருபவரைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நாளைக்கே யாராவது புது கேமராவை உள்ளேயே 50 என்று எழுதிச் செருகினால் பழைய மோதல் அப்படியே திரும்பும். ஆகவே ஓர் இடத்தில் பாதிக் கருவிகளை ஒதுக்கீட்டுக்கு மாற்றிவிட்டு மீதியைக் கையெழுத்து எண்ணில் விட்டுவைப்பது நல்லதல்ல. ரவுட்டர் தவிர வேறு எதுவும் தன் எண்ணைத் தானே தீர்மானிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். சில பழைய கருவிகளில் தானியங்கி வசதியே இருக்காது. அப்படிப்பட்டவை இருந்தால் ரவுட்டர் விநியோகிக்கும் வரம்பை 100 முதல் 199 வரை என்று சுருக்கி, அவற்றுக்கு 100க்குக் கீழே இடம் கொடுத்து, எது எங்கே என்று எழுதி ரவுட்டரின் மேலேயே ஒட்டிவைக்கலாம்.

மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் எண் ஒதுக்க முயல்பவர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்கள். ஒதுக்கிய எண் வராது. ஆண்ட்ராய்டில் 2019 முதலும் ஐபோனில் 2020 முதலும், யாரும் பின்தொடராமல் இருப்பதற்காக வைஃபையில் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் கருவியே உண்டாக்கிய ஒன்றைச் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஸ்டிக்கரில் இருப்பதை எழுதினால் ரவுட்டருக்கு அந்தக் கருவி வந்ததாகவே தெரியாது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது இப்படி உண்டாக்கியதாக இருக்கும். நம் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டால் ஒதுக்கீடு வேலை செய்யும். பிரிண்டரிலும் இதற்கு உறவான ஒரு தவறு நடக்கிறது. கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு இன்னொன்று. கேபிளின் முகவரியை எழுதிவைத்துவிட்டுப் பிறகு பிரிண்டரை வைஃபைக்கு மாற்றினால் வேறு எண் கிடைக்கும்.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கூடுதலாகச் செருகியிருக்கும் இடங்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதற்குள்ளும் எண் கொடுக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், கேட்கும் கருவிக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் எண்தான் கிடைக்கும். இரண்டாவது ரவுட்டருக்கு நம் பட்டியல் தெரியாது. ஒதுக்கீடு சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கூடுதல் ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும். அதன் சொந்த எண்ணும் முதல் ரவுட்டரின் எண்ணும் ஒன்றாக இல்லாதபடி மாற்றவும் வேண்டும். இரண்டுமே 192.168.1.1 என்று வந்தால், மோதுவது பிரிண்டரும் டிவிஆரும் இல்லை, மொத்தக் கடையின் இன்டர்நெட்டே.

பட்டியல் முழுவதும் ரவுட்டருக்குள் இருப்பதால், ரவுட்டர் போனால் பட்டியலும் போகும். இன்டர்நெட் கம்பெனியை மாற்றும்போதும், கம்பெனி ஆள் ரவுட்டரை ரீசெட் செய்யும்போதும் இது நடக்கும். ஒதுக்கீட்டுப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் புது ரவுட்டரில் அதே வரிகளைச் சில நிமிடத்தில் எழுதிவிடலாம். புது ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுப்பதாக இருந்தால்கூடப் பிரச்சினை சிறியதுதான். பிரிண்டரும் டிவிஆரும் தாமாகவே புது வரிசையில் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு கிளையண்ட் பட்டியலில் தெரியும், அவற்றுக்குப் பிடித்த எண்ணை அங்கிருந்தே ஒதுக்கலாம். கணினிகளிலும் மொபைலிலும் பழைய எண் இருக்கும் இடங்களை மட்டும் மாற்றினால் போதும். 192.168.1.50 என்று தனக்குள் எழுதிவைத்திருக்கும் கருவிக்கு அந்த வசதி இல்லை. புது ரவுட்டரின் கண்ணில் அது படவே படாது. ஸ்டூல் போட்டு ஏறி, டிவிஆருக்கு மானிட்டரும் மவுஸும் மாட்டி, மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடி, உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும்.